கோள்களின் பாதை ஏன் வட்டமாக இல்லை? e = 1.0001 என்றால் அந்த வால்வெள்ளி வெளியூர்க்காரனா?

மாலைவெள்ளி எழுதியது:

இரண்டு சந்தேகம், இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று நினைக்கிறேன்.

முதலாவது: சூரியன் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இழுக்கிறது. அப்படியானால் அதைச் சுற்றும் பாதையும் வட்டமாகத்தானே இருக்க வேண்டும்? நீள்வட்டத்தில் ஒரு பக்கம் நீண்டும் மறு பக்கம் குறுகியும் இருக்கிறதே, அந்த ஓரவஞ்சனை எங்கிருந்து வந்தது?

இரண்டாவது: பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் மையத்தொலைத்தகவு (இனி e என்றே எழுதுகிறேன்) அட்டவணையில் பூமிக்கு 0.0167, செவ்வாய்க்கு 0.0934, ஹாலி வால்வெள்ளிக்கு 0.967 என்று இருக்கிறது. 2024 அக்டோபரில் மாலை வானத்தில் பார்த்த C/2023 A3 வால்வெள்ளிக்கு 1.0001. 2025இல் வந்த 3I/ATLASக்கு 6.14. ஒன்றைத் தாண்டினால் திரும்பி வராது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் C/2023 A3யும் 3I போல வேறொரு நட்சத்திரத்திலிருந்து வந்ததா?

---

கணக்குப்புலி எழுதியது:

முதல் கேள்விக்கு விடை சுலபம். சூரியனும் ஒரே ஒரு கோளும் மட்டும் இருந்தால் பாதை வட்டம்தான். வியாழனும் சனியும் பக்கத்திலிருந்து இழுப்பதால் அந்த வட்டம் நசுங்கி நீள்வட்டம் ஆகிறது. வியாழனுக்கு அருகில் இருப்பதால்தான் செவ்வாய்க்கு e அதிகம். பூமியின் e காலப்போக்கில் மாறுவதற்கும் அதுவே காரணம்.

---

பழைய பரிதி எழுதியது:

புலி, உங்கள் கடைசி வாக்கியம் சரி. மற்ற கோள்களின் இழுப்பால் பூமியின் e கிட்டத்தட்ட 0 முதல் 0.06 வரை ஏறி இறங்குகிறது, அதற்கு ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டு கணக்கு. ஆனால் முதல் வாக்கியம் தவறு. வியாழனையும் சனியையும் அழித்துவிட்டு சூரியனையும் பூமியையும் மட்டும் விட்டுவைத்தாலும் பாதை நீள்வட்டமாகவே இருக்கும், e = 0.0167 என்று அப்படியே நிலைத்துவிடும். மற்ற கோள்கள் நீள்வட்டத்தை உண்டாக்குவதில்லை, இருக்கும் நீள்வட்டத்தை மெல்லத் திருத்துகின்றன.

மாலைவெள்ளி, இழுவிசைக்கு ஓரவஞ்சனை கிடையாது என்பது உண்மை. ஆனால் பாதையைத் தீர்மானிப்பது விசை மட்டும் அல்ல. பொருள் எந்த வேகத்தில், எந்தத் திசையில் நகர்ந்துகொண்டிருந்தது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. ஓரவஞ்சனை அந்தத் தொடக்கத்தில் இருக்கிறது.

பூமி இருக்கும் தொலைவில், அதாவது 1 வானியல் அலகில் (வா.அ.) ஒரு கல்லை விடுகிறோம் என்று வையுங்கள். வட்டம் வேண்டுமென்றால் இரண்டு நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வேண்டும். வேகம் சரியாக 29.78 கிமீ/வி இருக்க வேண்டும், திசை சூரியனை நோக்கிய கோட்டுக்குச் சரியாக 90 பாகையில் இருக்க வேண்டும். இரண்டில் எது தவறினாலும் வட்டம் போயிற்று.

செங்குத்தாகவே விடுகிறோம், வேகம் மட்டும் 10% கூடுதல் என்றால் e = 1.1² − 1 = 0.21. விட்ட இடம் அண்மைப்புள்ளி ஆகிவிடும். 10% குறைவு என்றால் e = 1 − 0.9² = 0.19. விட்ட இடம் சேய்மைப்புள்ளி ஆகி, கல் 0.68 வா.அ. வரை உள்ளே போய் வரும். வேகம் 42.1 கிமீ/வி ஆனால் 29.78இன் √2 மடங்கு, e சரியாக 1.

வேகம் சரியாக இருந்து திசை மட்டும் சாய்ந்தால் கணக்கு இன்னும் எளிது: சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பே e. 5 பாகை சாய்ந்தால் 0.087, ஏறக்குறைய செவ்வாய். 1 பாகை சாய்ந்தால் 0.0175, ஏறக்குறைய நம் பூமி. ஆகவே "ஏன் வட்டம் இல்லை" என்பதைவிட, பூமி எப்படி ஒரு பாகைக்குள் இவ்வளவு ஒழுங்காக அமைந்தது என்பதுதான் எனக்கு வியப்பு.

---

வெயிலூரான் எழுதியது:

நீள்வட்டப் பாதையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போது கோடை, தள்ளிப் போகும்போது குளிர். இதைத்தானே கேட்கிறீர்கள்? இதற்கு எதற்கு சைன் எல்லாம்?

---

பஞ்சாங்கப்பிரியன் எழுதியது:

வெயிலூராரே, கேள்வி அதுவல்ல, விடையும் அதுவல்ல. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், 14.71 கோடி கிமீ. அதாவது நடு மார்கழி. மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில், 15.21 கோடி கிமீ, அது ஆனி. மார்கழியில் வெயில் கொளுத்துகிறதா என்ன? பருவத்தைத் தீர்மானிப்பது அச்சின் 23.4 பாகைச் சாய்வு. தொலைவால் வரும் வித்தியாசம் மொத்த வெயிலில் 7 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் e நம் வீட்டு நாட்காட்டியில் வேறொரு இடத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. தமிழ் மாதம் என்பது சூரியன் ஒரு ராசியை, அதாவது 30 பாகையைக் கடக்க எடுக்கும் காலம். ஆனி 31 அல்லது 32 நாள் வருகிறது, மார்கழி 29 அல்லது 30 நாளில் முடிந்துவிடுகிறது. ராசி எல்லாம் ஒரே அளவுதான், சூரியன் நகரும் வேகம்தான் வேறு.

---

பழைய பரிதி எழுதியது:

அருமையான எடுத்துக்காட்டு. அதிலிருந்து e-யின் மதிப்பையே எடுத்துவிடலாம். சராசரி மாதம் 365.26 ÷ 12 = 30.44 நாள். அண்மையில் தொலைவு e அளவுக்குக் குறைகிறது. கோண வேகம் தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால் 2e அளவுக்குக் கூடுகிறது. 30.44 × 0.0334 என்பது ஏறத்தாழ ஒரு நாள். எனவே மார்கழி சுமார் 29.4 நாள், ஆனி சுமார் 31.5 நாள். 29-30, 31-32 என்று மாறி மாறி வருவது இந்தப் பின்னத்தை முழு நாளாக்குவதால்.

சூரிய சித்தாந்தத்தில் சூரியனுக்கு வைத்த சிறுவட்டம், பெரிய வட்டம் 360 என்றால் ஏறத்தாழ 14. விகிதம் 0.039. நீள்வட்டம் என்ற எண்ணமே இல்லாமல் 2e-க்கு எவ்வளவு அருகில் வந்திருக்கிறார்கள் பாருங்கள்.

---

மாலைவெள்ளி எழுதியது:

அப்படியானால் பழைய ஆட்கள் மையம் விலகிய வட்டத்தை வைத்தே சமாளித்திருக்கிறார்கள். பிறகு ஏன் நீள்வட்டம் தேவைப்பட்டது?

இன்னொன்று. வட்டம் அபூர்வம் என்பது புரிந்தது. வட்டம் இல்லையென்றால் முட்டை வடிவமாகவோ, ஒரு சுற்று முடிந்தும் சேராத சுருளாகவோ இருக்கலாமே? எதற்காகச் சரியாக நீள்வட்டம்?

---

பழைய பரிதி எழுதியது:

முதல் கேள்விக்கு ஒரு காகிதமும் இரண்டு குண்டூசியும் போதும். அரை நெட்டச்சு 10 செமீ என்று வைத்துச் செவ்வாயின் பாதையை வரையுங்கள். ஊசிகளுக்கு இடையே 2 × 10 × 0.0934 = 1.87 செமீ, நூல் வளையத்தின் மொத்தச் சுற்று 21.87 செமீ. வரைந்து முடித்து அகலத்தை அளந்தால் அரைக் குற்றச்சு 9.956 செமீ வரும். அதாவது நசுங்கல் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, பென்சில் கோட்டின் தடிமன்தான். ஆனால் சூரியனாகிய ஊசி மையத்திலிருந்து 9 மிமீக்கு மேல் தள்ளி நிற்கும். e முதலில் சொல்வது இந்த விலகலை. நசுங்கல் e-யின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் சிறிய e-க்கு அது கண்ணுக்கே தெரியாது. பாடநூல் படத்தில் பூமியின் பாதையை வாழைப்பூ மடல் மாதிரி போடுவதை யாராவது நிறுத்தினால் நல்லது.

பூமிக்கு நசுங்கல் 0.014% மட்டுமே. விலகிய வட்டமே போதுமானது. செவ்வாய்க்கு 0.44%. கேட்கச் சின்ன எண்தான், ஆனால் பாதையின் பக்கவாட்டில் அது சுமார் 10 லட்சம் கிமீ. டைகோ பிராகேயின் அளவீடுகள் ஓரிரு கலைக்குள், அதாவது ஒரு பாகையின் அறுபதில் ஓரிரு பங்குக்குள் துல்லியமானவை. கெப்ளர் வட்டத்தை வைத்துப் போட்ட கணக்கு 8 கலை பிசகியது. அந்த 8 கலையை அவர் தள்ளிவிடவில்லை. இடையில் நீங்கள் சொன்ன முட்டை வடிவத்தையும் முயன்று பார்த்துவிட்டுத்தான் 1609இல் நீள்வட்டத்தை வெளியிட்டார். செவ்வாய்க்குப் பதில் e 0.007 மட்டுமே உள்ள வெள்ளியை எடுத்திருந்தால் அன்றைய கருவிகளில் இது அகப்பட்டிருக்காது.

இரண்டாவது கேள்விக்கு நுண்கணிதம் இல்லாமல் ஒரு வழி இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

பாதையை நேரத்தை வைத்து வெட்டாமல், சூரியனிலிருந்து பார்த்து ஒரு பாகை ஒரு பாகையாக 360 துண்டாக வெட்டுங்கள். சம நேரத்தில் சம பரப்பு என்பது கெப்ளரின் விதி. ஒரு பாகைத் துண்டின் பரப்பு தொலைவின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே அதைக் கடக்கும் நேரமும் அப்படியே. தொலைவு இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. ஈர்ப்போ தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம், தொலைவு இரு மடங்கானால் நான்கில் ஒரு பங்கு. இரண்டையும் பெருக்கினால் தொலைவு அடிபட்டுப் போகிறது. ஒவ்வொரு துண்டிலும் திசைவேகத்தில் ஏற்படும் மாற்றம் ஒரே அளவு. அதன் திசை மட்டும் துண்டுக்கு ஒரு பாகை திரும்புகிறது.

இப்போது ஒரே நீளமுள்ள 360 அம்புகளை, ஒவ்வொன்றையும் முந்தையதைவிட ஒரு பாகை திருப்பி, ஒன்றன் நுனியில் அடுத்ததை வையுங்கள். என்ன கிடைக்கும்? 360 பக்க ஒழுங்கு பலகோணம், அதாவது வட்டம். நீங்கள் தேடிய வட்டம் காணாமல் போகவில்லை. அது பாதையில் இல்லாமல் திசைவேகத்தில் ஒளிந்திருக்கிறது.

அந்த வட்டத்துக்குள் "வேகம் சுழி" என்ற புள்ளி மையத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மையத்திலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறதோ, அதை ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது e. ஹாலிக்குப் போட்டுப் பாருங்கள். அண்மையில் வேகம் 54.6 கிமீ/வி, சேய்மையில் 0.91. ஆரம் இரண்டின் சராசரி, 27.75. விலகல் வித்தியாசத்தில் பாதி, 26.85. வகுத்தால் 0.967. பூமிக்கு 30.29, 29.29. ஆரம் 29.79, விலகல் 0.5. வகுத்தால் 0.0168.

நீள்வட்டம் இதிலிருந்து தானாக விழும். திசைவேகம் என்பது மாறாத திசையில் ஒரு நிலையான பகுதி w, அதோடு எப்போதும் சூரியக் கோட்டுக்குச் செங்குத்தாக, அளவு மாறாத பகுதி u. சூரியனிலிருந்து தொலைவு r, அண்மைப்புள்ளியிலிருந்து திரும்பிய கோணம் θ, மாறாத எண் h என்றால் பரப்பு விதி சொல்வது `r(u + w cos θ) = h`. இதை மாற்றி எழுதினால்:

`r = (h/u) / (1 + e cos θ)`, இதில் `e = w/u`

இது நீள்வட்டத்தின் சமன்பாடு. முட்டைக்கு இங்கே இடமே இல்லை. θ 360 பாகை சுற்றியதும் r பழைய மதிப்புக்கே திரும்புவதால் பாதை மூடிக்கொள்கிறது, சுருளுக்கும் இடமில்லை. w, u-க்குச் சமமானால் பரவளையம், மிஞ்சினால் அதிபரவளையம்.

---

கணக்குப்புலி எழுதியது:

என் முதல் பதிலைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒன்று: ஈர்ப்பு சரியாக வர்க்க எதிர்விகிதமாக இல்லாவிட்டால் அந்த 360 அம்பும் ஒரே நீளத்தில் இருக்காதே?

---

பழைய பரிதி எழுதியது:

இருக்காது, பாதையும் மூடாது. புதனில் அதுதான் நடக்கிறது. அதன் நீள்வட்டம் மெல்லத் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் நீங்கள் சொன்ன மற்றக் கோள்கள். அதையெல்லாம் கழித்தபின் நூற்றாண்டுக்கு 43 விகலை மிஞ்சியது. 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் அந்த மிச்சத்துக்குக் கணக்குச் சொன்னது.

---

நிரல்தோழி எழுதியது:

ஹாலி பற்றிப் பேசுவதால் இங்கேயே கேட்கிறேன். பைத்தானில் ஹாலியை ஓடவிட்டால் திரும்பி வரவே மாட்டேன் என்கிறது. தொடக்கம் x = 0.586 வா.அ., வேகம் 0.0315 வா.அ./நாள், படி 10 நாள். ஒவ்வொரு படியிலும் பழைய வேகத்தை வைத்து இடத்தையும், பழைய இடத்தை வைத்து வேகத்தையும் மாற்றுகிறேன். படியை 1 நாளாகக் குறைத்தாலும் ஓடிப்போகிறது. காகிதத்தில் அதே எண்களைப் போட்டால் சுற்றுக்காலம் 68 ஆண்டு வருகிறது, 76 அல்ல. எது தவறு?

---

பழைய பரிதி எழுதியது:

இரண்டு தனித்தனித் தவறுகள். கலந்துவிடாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் முறை. ஹாலி அண்மையில் ஒரு நாளில் 47 லட்சம் கிமீ நகர்கிறது. அந்த முறையில் ஒரு படி முழுக்க வளையாமல் தொடுகோட்டில் நேராகப் போகிறீர்கள், அதனால் சூரியனிலிருந்து சற்றே வெளியே தள்ளிப் போய் நிற்கிறீர்கள். அதே படியில் வேகமும் கூடுகிறது. இரண்டும் ஆற்றலை ஏற்றுகின்றன. அரை நெட்டச்சை a என்று வைத்தால், உங்கள் எண்களில் 10 நாள் படி என்றால் முதல் படியிலேயே 1/a எதிர்மறையாகிவிடும், அதாவது e ஒன்றைத் தாண்டிவிடும். 1 நாள் படியில் a முதல் நாளே 16.7இலிருந்து 19.1க்குத் தாவுகிறது, பத்துப் பன்னிரண்டு நாளில் கட்டு அறுந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒவ்வொரு படியிலும் `2/r - v*v/GM` என்று அச்சிடுங்கள். அது 1/a, நகரக் கூடாத எண். ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் முறையில் கோளாறு.

வேகத்தை அரைப்படி, இடத்தை முழுப்படி, மறுபடி வேகத்தை அரைப்படி என்று மாற்றுங்கள்:

```python
from math import sqrt
GM = 2.959122e-4
x, y, vx, vy = 0.586, 0.0, 0.0, 0.031518
dt, t = 0.05, 0.0

def acc(x, y):
    r3 = sqrt(x*x + y*y)**3
    return -GM*x/r3, -GM*y/r3

ax, ay = acc(x, y)
while True:
    vx += ax*dt/2; vy += ay*dt/2
    x += vx*dt; y += vy*dt
    ax, ay = acc(x, y)
    vx += ax*dt/2; vy += ay*dt/2
    t += dt
    if x*vx + y*vy < 0:
        break
print(sqrt(x*x + y*y), t/365.25)
```

சேய்மையைத் தொட்டதும் நின்றுவிடும். சுமார் 35.2 வா.அ., 37.8 ஆண்டு வர வேண்டும்.

இரண்டாவது, எண். 0.0315 என்று சுருக்கியதுதான் உங்கள் எட்டு ஆண்டைத் தின்றது. 0.0315 என்றால் a = 16.7, காலம் 68 ஆண்டு. 0.03152 என்றால் a = 18.0, காலம் 76 ஆண்டு. வேகத்தில் 0.06% வித்தியாசம், காலத்தில் எட்டு ஆண்டு. e ஒன்றை நெருங்கும்போது 2/r-உம் v²/GM-உம் ஏறக்குறையச் சமமாகி, அவற்றின் சின்ன வித்தியாசத்தில்தான் 1/a நிற்கிறது. பூமிக்கு இந்தத் தொல்லை கிடையாது.

புதிதாகக் கண்டுபிடித்த வால்வெள்ளிக்கு முதல் வாரத்தில் "8,000 ஆண்டு" என்றும் அடுத்த வாரம் "80,000 ஆண்டு" என்றும் செய்தி வந்தால் யாரும் பொய் சொல்லவில்லை. சில வார அவதானிப்பில் அண்மைப்புள்ளித் தொலைவான q நன்றாகவே கிடைத்துவிடும், e-யின் நான்காவது தசமம் கிடைக்காது.

---

மாலைவெள்ளி எழுதியது:

நான் கேட்ட 1.0001க்கு இப்போது பக்கத்தில் வந்துவிட்டோம் போலிருக்கிறது.

---

பழைய பரிதி எழுதியது:

ஆம். e-யை மட்டும் பார்க்காமல் q-வையும் சேர்த்து, சூரியனை விட்டு வெகுதூரம் போனபின் எவ்வளவு வேகம் மிஞ்சும் என்று கணக்கிடுங்கள். வா.அ., கிமீ/வி அலகுகளில்:

`v∞² = 887 (e − 1) / q`

3I/ATLASக்கு q = 1.36, e = 6.14. விடை 58 கிமீ/வி. சூரியன் இழுக்கத் தொடங்குவதற்கு முன்பே அந்த வேகத்தில் வந்தது என்று பொருள். எந்தக் கோளும் உள்ளூர் வால்வெள்ளிக்கு அவ்வளவு வேகம் கொடுக்க முடியாது, அது வெளியூர்தான். C/2023 A3க்கு q = 0.391, e = 1.0001. விடை அரை கிமீ/வி கூட இல்லை. அக்கம்பக்கத்து நட்சத்திரங்கள் நம்மைப் பொறுத்துப் பொதுவாகப் பத்து, இருபது கிமீ/வி என்று நகர்பவை. அங்கிருந்து வருகிற பொருள் இப்படித் தவழ்ந்து வராது.

அந்த அரை கிமீ/வி கூட உண்மையான எண் அல்ல. அட்டவணை சூரியனை மையமாக வைத்து, ஒரு குறிப்பிட்ட நாளுக்குப் போட்டது. சூரியனோ வியாழனோடு சேர்ந்து பொது நிறைமையத்தைச் சுற்றி சுமார் 12.5 மீ/வி வேகத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. இதற்குப் போய் என்று தோன்றும். ஆனால் அண்மையில் அந்த வால்வெள்ளியின் வேகம் 67 கிமீ/வி. v²இல் 12.5 மீ/வி உண்டாக்கும் மாற்றம் 2 × 67 × 0.0125, ஏறத்தாழ 1.7. நாம் மேலே கண்ட v∞² வெறும் 0.23. சூரியனின் ஆட்டமே இந்த வால்வெள்ளியை "கட்டுண்டது", "கட்டற்றது" என்று மாற்றி மாற்றிக் காட்டப் போதும்.

சரியாகப் பார்க்க `JPL Horizons` தளத்தில் மையத்தை `500@10` (சூரியன்) என்பதிலிருந்து `500@0` (நிறைமையம்) என்று மாற்றுங்கள். நாளையும் அண்மைக்கு அருகில் வைக்காதீர்கள். வால்வெள்ளி கோள்களுக்கு வெளியே இருந்த காலத்துக்கு ஒரு முறை, வெளியே போய்ச் சேரும் காலத்துக்கு ஒரு முறை என்று வைத்து `EC` மதிப்பைப் பாருங்கள். முதலாவது வந்த பாதை, இரண்டாவது போகும் பாதை. இரண்டும் ஒன்றாக இருக்காது. 2020இல் வந்த நியோவைஸ் வரும்போது சுமார் 4,500 ஆண்டுக் காலம் கொண்டிருந்தது, போகும்போது சுமார் 6,800.

---

கணக்குப்புலி எழுதியது:

அப்படியானால் உள்ளூர் வால்வெள்ளியைக் கோள் ஒன்று நிஜமாகவே வெளியே எறிய முடியுமா, அல்லது எல்லாம் அட்டவணை மாயைதானா?

---

பழைய பரிதி எழுதியது:

முடியும். C/1980 E1 என்ற வால்வெள்ளி 1980 டிசம்பரில் வியாழனை 0.23 வா.அ. தொலைவில் கடந்து, e = 1.057 உடன் வெளியேறியது. அது மாயை அல்ல, திரும்பாது. நீங்கள் முதலில் சொன்ன வியாழனின் இழுப்பு இங்கேதான் முழு வேடம் கட்டுகிறது. ஆனாலும் 1.057 எங்கே, 6.14 எங்கே.

---

பஞ்சாங்கப்பிரியன் எழுதியது:

கோள் என்றால் சிறிய e, வால்வெள்ளி என்றால் பெரிய e. இதை இயற்கை விதியாகவே எடுத்துக்கொள்ளலாமா?

---

பழைய பரிதி எழுதியது:

வேண்டாம். 29P என்ற வால்வெள்ளியின் e வெறும் 0.044, செவ்வாயைவிட வட்டமாக, வியாழனுக்கு அப்பால் சுற்றுகிறது. மறுபுறம் HD 80606 b என்ற வேற்றுக் கோளின் e 0.93. அது 111 நாளுக்கு ஒருமுறை தன் நட்சத்திரத்தை உரசிவிட்டுப் போகிறது.

நம் கோள்கள் வாயுவும் தூசியும் கலந்த தட்டில் உருண்டவை. அந்தத் தட்டில் சாய்ந்து ஓடியவை மோதி மோதிச் சராசரிக்கு வந்தன. நமக்குத் தெரியும் நீண்டகால வால்வெள்ளிகள் எல்லாம் வெகுதூரத்திலிருந்து சூரியனுக்கு அருகில் விழுபவை, விழாதவை நம் கண்ணில் படுவதில்லை. q ஒன்றுக்குள்ளும் a ஆயிரக்கணக்கிலும் இருந்தால் e ஒன்றை ஒட்டித்தான் இருந்தாக வேண்டும், அது வெறும் `q = a(1 − e)`.

---

கணக்குப்புலி எழுதியது:

"மோதிச் சராசரிக்கு வந்தன" என்பதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. அதே மாதிரித் தட்டில்தானே HD 80606 b-யும் பிறந்திருக்கும்?

---

பழைய பரிதி எழுதியது:

அந்த நட்சத்திரத்துக்கு ஒரு துணை நட்சத்திரம் உண்டு, அதன் நீண்டகால இழுப்பு e-யை ஏற்றியிருக்கலாம் என்பது பலர் சொல்லும் விளக்கம். ஆனால் துணை இல்லாத நட்சத்திரங்களிலும் 0.3, 0.4 என்று கோள்கள் கிடைக்கின்றன. நம்முடையவை ஏன் இவ்வளவு அடக்கம் என்பதில் கருத்துகள் பல. நான் ஒரு பக்கம் சாய விரும்பவில்லை.

---

நிரல்தோழி எழுதியது:

ஓடியது! சொன்ன இரண்டு எண்ணும் அப்படியே வந்தன. முழுச் சுற்று என்றால் 75.6 ஆண்டு. ஆனால் ஹாலி 1910 ஏப்ரல் 20இல் அண்மைக்கு வந்தது, அடுத்து 1986 பிப்ரவரி 9. அது 75.8. அடுத்த வருகை 2061 ஜூலை 28 என்கிறார்கள், அது 75.5. ஒரே நீள்வட்டம் என்றால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டாமா? இன்னும் தசமம் சேர்க்கட்டுமா?

---

பழைய பரிதி எழுதியது:

தசமம் சேர்த்துப் பயனில்லை, வியாழனைச் சேருங்கள். உங்கள் நிரலில் சூரியன் மட்டும்தான் இருக்கிறது. கிளெரோ 1758இல் கையால் போட்ட கணக்கில் வியாழனும் சனியும் சேர்ந்து ஹாலியை 618 நாள் தாமதப்படுத்தும் என்று வந்தது. 1759 ஏப்ரல் நடுவில் வரும் என்றார், மார்ச் 13இல் வந்தது. ஒரு மாதப் பிசகு.

வியாழனையும் சனியையும் சேர்த்து முழுத் துல்லியத்தில் ஓட்டினாலும் சுற்றுக்கு நான்கு நாள் போல இடிக்கும். அது உங்கள் நிரலின் பிழை அல்ல. சூரியனுக்கு அருகில் பனி ஆவியாகிப் பீறிடும்போது வால்வெள்ளியை அது கொஞ்சம் தள்ளிவிடுகிறது. அந்தத் தள்ளலுக்கு நீள்வட்டச் சமன்பாட்டில் இடமில்லை, தனியாக ஒரு முடுக்கமாக `acc` உள்ளே சேர்க்க வேண்டும். முதலில் வியாழன், பிறகு சனி, அதன்பின் இது. மூன்றையும் ஒரே நாளில் சேர்த்துவிட்டு எங்கே பிசகு என்று கேட்காதீர்கள்.